ஷார்ட்பிரெட் மணலாய் உதிர: வெண்ணெய் எவ்வளவு, அரிசி மாவு எவ்வளவு

"அரிசி மாவு சேர்த்து இரண்டு முறை ஷார்ட்பிரெட் செய்தேன். முதல் முறை கல் போல இறுகிவிட்டது. இரண்டாம் முறை வெண்ணெயைக் கூட்டினேன்; ஓவனில் பரந்து, எண்ணெய் வழிந்தது. வாயில் போட்டதும் மணல் போல உதிர்ந்து கரையும் பதம் வர, வெண்ணெய் எவ்வளவு, அரிசி மாவு எவ்வளவு சேர்க்க வேண்டும்? இருப்பது சென்னை, ஓவன் சாதாரண ஓடிஜி."

எடைக் கணக்கில் சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மாவு மூன்று பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று பங்கு மாவில் நான்கில் ஒரு பகுதி மட்டும் அரிசி மாவாக இருக்கட்டும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டமான கேக் டின் ஒன்றுக்கு மைதா 180 கிராம், அரிசி மாவு 60 கிராம், வெண்ணெய் 160 கிராம், சர்க்கரை 80 கிராம் என்று வரும். உப்பில்லாத வெண்ணெயாக இருந்தால் இரண்டு கிராம் உப்பு. முட்டை, பால், தண்ணீர், பேக்கிங் பவுடர் எதுவும் வேண்டாம். உங்களுடைய இரண்டு தோல்விகளும் அளவால் மட்டும் வந்தவை அல்ல என்று நினைக்கிறேன். கல் போல இறுகியதற்குப் பெரும்பாலும் தண்ணீர் காரணமாக இருக்கும். பரந்து வழிந்ததற்கு, கூட்டிய வெண்ணெயோடு சென்னை வெயிலும் சேர்ந்திருக்கும். ஆகவே அளவோடு, அந்த அளவு ஏன் பலிக்கிறது, எப்போது பலிக்காமல் போகிறது என்பதையும் எழுதுகிறேன்.

ஒன்று, இரண்டு, மூன்று என்ற இந்தக் கணக்கு ஸ்காட்லாந்து வீடுகளில் வழிவழியாக வருவது. அங்கே ஷார்ட்பிரெட் புத்தாண்டுக்கு உரிய பண்டம். முள்கரண்டியால் குத்தி, ஓரத்தை விரலால் கிள்ளிக் கொசுவம் போல மடித்து, வட்டமாகச் சுட்டு, முக்கோணத் துண்டுகளாக வெட்டுவார்கள். இந்தக் கணக்கு எடைக்குத்தான் பொருந்தும், கப் அளவுக்குப் பொருந்தாது. ஒரே கப்பில் மைதாவைச் சலித்துத் தூவினால் ஓர் எடை, டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் இன்னோர் எடை; இரண்டுக்கும் இருபது முப்பது கிராம் வித்தியாசம் எளிதாக வந்துவிடும். வேறு எந்தப் பொருளும் சேராத ஒரு பண்டத்தில் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட எதுவும் இல்லை. சமையலறைத் தராசு ஒன்று இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

ஷார்ட்பிரெட் என்ற பெயரில் உள்ள "ஷார்ட்" நீளத்தைக் குறிப்பது அல்ல. மாவு இழுபடாமல் பொலபொலவென்று நொறுங்கும் தன்மைக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பழைய சொல் அது. மைதாவில் உள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து பிசையப்படும்போது இழையிழையாகப் பின்னிக்கொண்டு குளூட்டன் என்னும் வலையாகிறது. பரோட்டாவுக்கு அந்த வலை வேண்டும். ஷார்ட்பிரெட்டுக்கு அதுவே பகை. மாவின் துகள்களை வெண்ணெய் முதலிலேயே போர்த்திவிட்டால், தண்ணீர் புரதத்தைச் சென்றடைவது கடினமாகிறது, வலை பின்னப்படுவதில்லை, கடித்ததும் உதிர்கிறது. நம் வீடுகளில் தேன்குழல் பிழிகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். வெண்ணெய் குறைந்தால் தேன்குழல் கடிபடாது. கூடிவிட்டால் எண்ணெயில் விழுந்ததும் பிரிந்து கரைந்துபோகும். ஷார்ட்பிரெட்டிலும் அதே இரண்டு எல்லைகள் இருக்கின்றன. மேலே சொன்ன அளவில் வெண்ணெயை 130 கிராமாகக் குறைத்தால் துண்டு வறண்டு, மென்றபின் மாவு நாக்கில் ஒட்டுகிறது. 190 கிராமாகக் கூட்டினால் ஓரம் தளர்ந்து சரிகிறது, அடித்தாளில் எண்ணெய் ஊறுகிறது, ஆறிய பிறகும் துண்டு வழவழப்பாகவே இருக்கிறது. இடையில் பத்து கிராம் முன்பின் போனால் பெரிய கேடு இல்லை.

"எந்த வெண்ணெய்" என்பது "எவ்வளவு வெண்ணெய்" என்பதைவிட முக்கியமான கேள்வி, ஏனென்றால் வெண்ணெய் முழுவதும் கொழுப்பு அல்ல. கடையில் கட்டியாக விற்கும் வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது சட்டம். மீதியில் பெரும்பகுதி, ஏறத்தாழ 16 சதவீதம், தண்ணீர். அப்படியானால் 160 கிராம் வெண்ணெயோடு 26 கிராம் தண்ணீரும் மாவுக்குள் போகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்ற கணக்கு இந்தத் தண்ணீரையும் உள்ளடக்கிய கணக்கு. மாவு சேர்ந்து நிற்பதற்கு அந்த 26 கிராம் போதும். அதற்கு மேல் தேவையில்லை. இப்போது வீட்டில் கடைந்தெடுத்த வெண்ணெயையோ, பால்காரர் கொண்டுவரும் வெள்ளை வெண்ணெயையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மோரும் நீரும் அதிகம் தங்கியிருக்கும். கால் பங்கு நீர் என்று வைத்தால், அதே 160 கிராமில் 40 கிராம் தண்ணீர் இருக்கும். கூடுதலாகச் சேர்ந்த 14 கிராம் என்பது ஏறக்குறைய மூன்று தேக்கரண்டித் தண்ணீர். ஷார்ட்பிரெட் மாவில் மூன்று தேக்கரண்டித் தண்ணீரைத் தெரிந்தே யாரும் ஊற்ற மாட்டோம். வெண்ணெய்க்குள் ஒளிந்து வரும்போது ஊற்றிவிடுகிறோம். கூடவே கொழுப்பும் அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது. கல் போல இறுகிய உங்கள் முதல் முயற்சியில் வீட்டு வெண்ணெயைப் பயன்படுத்தியிருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

வீட்டு வெண்ணெய்தான் வேண்டும் என்றால், குளிர்ந்த நீரில் கழுவி, குளிர்சாதனப் பெட்டியில் இறுகவிட்டு, பிறகு சுத்தமான பருத்தித் துணியில் வைத்து அழுத்திப் பிழிந்து நீரை எடுங்கள். இதனால் நிலைமை கணிசமாகச் சீராகும், முழுவதும் சீராகாது. உப்பிட்ட மஞ்சள் வெண்ணெயில் உப்பு மூன்று சதவீதம் வரை இருக்கலாம் என்பதால், அதையே முழுதும் பயன்படுத்தினால் தனியாக உப்பு சேர்க்க வேண்டாம். எனக்குப் பிடித்தது பாதி உப்பிட்டது, பாதி உப்பில்லாதது. நெய்யில் தண்ணீரே கிடையாது; அதைக் கொண்டு செய்தால் 130 கிராம் நெய்யே 160 கிராம் வெண்ணெயின் கொழுப்புக்கு ஈடாகிவிடும். ஆனால் கிடைப்பது நம் பேக்கரி நெய் பிஸ்கட்டின் பதம். அது நல்ல பதம்தான் என்றாலும், தொட்டாலே தூளாகும்; முறித்தால் "டக்" என்று உடையும் ஷார்ட்பிரெட் அதில் வராது. வனஸ்பதியை நான் ஒப்புக்கொள்வதில்லை. பால் கொழுப்பு 32 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும், அதாவது வாய்ச் சூட்டிலேயே உருகும். "வாயில் கரைகிறது" என்று நாம் சொல்வது இதைத்தான். வனஸ்பதி அதைவிடக் கூடிய சூட்டில்தான் முழுவதும் உருகும் என்பதால் அண்ணத்தில் மெழுகு போலப் படிகிறது.

கரைவது வெண்ணெயின் வேலை என்றால், மணலாய் உதிர்வது அரிசி மாவின் வேலை. அரிசியில் குளூட்டன் வலையைப் பின்னும் புரதம் இல்லை. எனவே மைதாவில் நான்கில் ஒரு பங்கை அரிசி மாவாக மாற்றும்போது வலை பின்னுவதற்கான சரக்கே கால் பங்கு குறைகிறது. இரண்டாவதாக, அரிசித் துகள் வேக வேண்டுமானால் தண்ணீர் வேண்டும். இட்லியிலும் இடியாப்பத்திலும் தண்ணீரும் ஆவியும் இருப்பதால் அது வெந்து, குழைந்து, ஒட்டிக்கொள்கிறது. ஷார்ட்பிரெட்டில் 240 கிராம் மாவுக்கு இருப்பது 26 கிராம் தண்ணீர். அதுவும் கொழுப்புக்குள் சிறு துளிகளாகச் சிதறிக் கிடக்கிறது. ஆகவே அரிசித் துகள் குழையாமல், வறுபட்டது போலத் தன் வடிவத்திலேயே நிற்கிறது. பல்லில் படும்போது வெண்ணெய் உருகி விலக, அந்தத் துகள்கள் தனித்தனியாக உதிர்கின்றன. நாக்கு அதைத்தான் மணல் என்று உணர்கிறது. சோளமாவு சேர்த்தாலும் உதிரும். ஆனால் அது டால்கம் பவுடர் போல வழுக்கி மறைந்துவிடும், துகள் தெரியாது. சிலருக்கு அது பிடிக்கும். நீங்கள் கேட்ட மணல் பதம் அரிசியில்தான் வரும்.

நான் எடின்பரோவில் வாடகைக்கு இருந்த காலத்தில் பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர் ஒவ்வொரு டிசம்பரிலும் ஷார்ட்பிரெட் சுடுவார். அவர் சேர்த்தது நாம் சொல்லும் அரிசி மாவு அல்ல. அதைவிடச் சற்றுக் கரகரப்பாக, நம்முடைய மெல்லிய ரவைக்கும் மாவுக்கும் இடைப்பட்ட பருமனில் உடைக்கப்பட்ட அரிசி. பிரிட்டனில் இரண்டும் தனித்தனிப் பொட்டலங்களாகக் கிடைக்கும். கரகரப்பானதைச் சேர்த்தால் கடிக்கும்போது சன்னமாக நறநறக்கும். பழைய தலைமுறைக்கு அந்த நறநறப்பே அடையாளம். மெல்லிய மாவைச் சேர்த்தால் மணல் நுண்மணலாகிவிடும். அவருடைய அளவும் மூன்று பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு அரிசியாகத்தான் இருந்தது. அவர் கையில் தராசு இருந்தது. வெண்ணெயைத் தடவிப் பார்த்து, "இன்று குளிர் போதவில்லை" என்று சன்னல் ஓரத்தில் கொண்டுபோய் வைத்ததும் நினைவிருக்கிறது. அந்தக் காட்சியின் பொருள் எனக்குச் சென்னைக்குத் திரும்பிய பிறகுதான் விளங்கியது.

சென்னையில் நான் முதலில் செய்த தவறு அரிசி மாவைத் தேர்ந்தெடுத்ததில் நேர்ந்தது. வீட்டில் இடியாப்பத்துக்காக அரிசியை ஊறவைத்து, ஈரத்தோடு அரைத்து, லேசாக வறுத்து வைத்திருந்த மாவு இருந்தது. பட்டுப் போல மெல்லியதாக இருக்கிறதே என்று அதையே போட்டேன். வெந்து வந்த துண்டு வெளியே முறுகியும், நடுவில் மெழுகு போல அடர்ந்தும் இருந்தது. கையில் காய்ந்தது போலத் தோன்றினாலும், சரியாக வறுபடாத அந்த மாவுக்குள் ஈரம் தங்கியிருந்தது. கடையில் உலர அரைத்து விற்கும் சாதாரணப் பச்சரிசி மாவுதான் இதற்கு ஏற்றது. ஈரத்தில் அரைத்த மாவே இருக்கிறது என்றால், அடி கனத்த வாணலியில் மெல்லிய தீயில், நிறம் மாறாமல், ஆவி வருவது நிற்கும்வரை வறுத்து, தட்டில் பரப்பி முழுவதும் ஆறவிட்டுச் சலித்துக்கொள்ளுங்கள். சூடான மாவு வெண்ணெயைத் தொட்ட கணத்திலேயே உருக்கிவிடும். புட்டு மாவு இதற்கு மிகவும் கரடு. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் மாவைத் தேய்த்துப் பாருங்கள்: மைதாவைவிடச் சற்றே உரசும் துகள் தட்டுப்பட வேண்டும், ஆனால் தனித்தனியாக எண்ணத்தக்க குருணை தட்டுப்படக் கூடாது.

அரிசி மாவின் பங்கைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தவரையில், ஆறில் ஒரு பங்குக்குக் கீழே அதன் இருப்பே தெரிவதில்லை. நான்கில் ஒரு பங்கில் துண்டு முறியும், பிறகு உதிரும், இரண்டும் அமைகின்றன. மூன்றில் ஒரு பங்கில் மணல் தன்மை மிகுந்து, வெட்டும்போதே ஓரங்கள் சிதறத் தொடங்குகின்றன. கவனமாகக் கையாள்பவருக்கு அதுவும் ஏற்றதே. பாதிக்குப் பாதி போனால் துண்டாக எடுக்க முடிவதில்லை, வாயில் சுண்ணாம்புப் பொடி போன்ற வறட்சி தங்குகிறது. அப்போது வெண்ணெயைக் கூட்டினால் சரியாகும் என்று தோன்றும். ஆகாது, ஏனென்றால் பிடித்து நிறுத்த வேண்டிய மைதாதான் அங்கே குறைந்திருக்கிறது. வலையே வேண்டாம் என்று மேலே எழுதினேன். முற்றிலும் வேண்டாம் என்பது அதன் பொருள் அல்ல. ஒரு சிறு பிணைப்பு இருந்தால்தான் துண்டு துண்டாக நிற்கும்.

சர்க்கரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் கடைச் சர்க்கரையின் படிகம் பெரிது. கரைவதற்கு நீர் இல்லாத இந்த மாவில் அப்படியே நின்று பல்லில் கடிபடும். மிக்சியில் ஐந்தாறு முறை விட்டுவிட்டுச் சுற்றி, மெல்லிய ரவை போல எடுத்துக்கொள்ளுங்கள். பொடியாகவே அரைத்தால் துண்டு மேலும் மென்மையாகும், ஆனால் மணல் தன்மை ஒரு படி குறையும். அரைத்த பிறகு எடை போடுங்கள். மிக்சிச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தால் ஆறவிடுங்கள்.

இனிச் செய்முறை. வெண்ணெயையும் சர்க்கரையையும் முதலில் குழைத்து, பிறகு மாவு சேர்ப்பது ஒரு முறை. குளிர்ந்த வெண்ணெயை மாவில் விரல் நுனியால் தேய்த்து உதிர்ப்பது இன்னொரு முறை. மணல் பதத்துக்கு இரண்டாவதையே நான் நம்புகிறேன், ஏனென்றால் அதில் காற்று புகுவதில்லை, கொழுப்பு நேரடியாகத் துகளைப் போர்த்துகிறது. ஆனால் அது பதினாறு டிகிரிச் சமையலறையில் பிறந்த முறை. சென்னையில் மே மாதம் சமையலறை 34 டிகிரியில் இருக்கும்போது, நம் விரலும் அறையும் சேர்ந்து வெண்ணெயை எண்ணெயாக்கிவிடும். உருகிய வெண்ணெயில் கொழுப்பும் நீரும் பிரிந்துவிடுகின்றன. கொழுப்பு வழிந்தோடுகிறது, பிரிந்த நீர் நேரே மைதாவிடம் போகிறது. அதனால்தான் ஒரே தட்டில் எண்ணெய் வழிந்த துண்டும் இறுகிய துண்டும் கிடைக்கின்றன. இரண்டாம் முறை உங்களுக்கு நடந்தது இதுவாக இருக்கலாம். வெண்ணெயைக் கூட்டியது அதை இன்னும் மோசமாக்கியிருக்கும்.

ஆகவே நான் வெண்ணெயை மட்டுமல்ல, எல்லாவற்றையும் குளிரவைக்கிறேன். மைதா, அரிசி மாவு, உப்பு மூன்றையும் சேர்த்து இரண்டு முறை சலித்து, அகலமான எவர்சில்வர் பாத்திரத்தோடு மூடி ஒரு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறேன். மூடாமல் வைத்தால் மாவு ஈரம் வாங்கும். வெண்ணெயைச் சுண்டைக்காய் அளவுத் துண்டுகளாக வெட்டி, அதையும் உள்ளே வைத்துவிடுகிறேன். எடுத்ததும் வெண்ணெயை மாவில் போட்டுப் புரட்டி, உள்ளங்கை படாமல் விரல் நுனியால் மட்டும் தேய்த்து உதிர்க்க வேண்டும். பாதி வேலையில் விரலில் வெண்ணெய் பளபளப்பாகப் பிசுபிசுத்தால், அங்கேயே நிறுத்திப் பாத்திரத்தைப் பதினைந்து நிமிடம் மீண்டும் உள்ளே வையுங்கள். எத்தனை முறை வைத்தாலும் தவறில்லை. கை மிகவும் சூடாக உள்ளவர்கள் மிக்சியின் பெரிய ஜாரில் நான்கைந்து நொடி விட்டுவிட்டுச் சுற்றலாம். ஒரு நொடி கூடினாலும் அது விழுதாகிவிடும் என்பதால் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும்.

வெண்ணெய்த் துண்டு எதுவும் கண்ணில் படாமல், மொத்தமும் வெளிர் மஞ்சள் ரவை போல ஆனதும் சர்க்கரையைச் சேர்த்துக் கலந்து, ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். புட்டுக்கு மாவு விரவும்போது பார்க்கும் அதே பதம்தான்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். பிடியில் உங்கள் விரல் ரேகை பதிந்து நின்றால் சரி. பிடிபடாமல் சரிந்தால் வெண்ணெய் இன்னும் போதுமான அளவு பரவவில்லை. மேலும் ஒரு நிமிடம் தேய்க்க வேண்டும், தண்ணீரோ பாலோ தெளிக்கக் கூடாது. புதிதாகச் செய்பவர்களில் பெரும்பாலோர் தவறிவிடுவது இந்த இடத்தில்தான்: "சேரவில்லையே" என்று ஒரு தேக்கரண்டிப் பால் விடுவார்கள், சேர்ந்துவிடும், வெந்ததும் கல்லாகும். இதற்கு மாறாக, உதிர்த்தால் உதிராமல் களிமண் போலக் குழைந்தால் வெண்ணெய் உருகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே குளிரவைக்க வேண்டும்.

இந்த உதிரி மாவைப் பிசையாமல், உருட்டாமல், அடியில் பட்டர் பேப்பர் இட்ட டின்னில் அப்படியே கொட்டிப் பரப்பி, தட்டையான டம்ளரின் அடிப்பக்கத்தால் சீராக அழுத்துங்கள். மேலே சொன்ன அளவுக்குக் கனம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே வரும். நடுப்பகுதி மேடாக இருந்தால் அது வேகாது. ஓரத்தைவிட நடுவைச் சற்றுப் பள்ளமாகவே விடுங்கள். கத்தியால் எட்டாகவோ பன்னிரண்டாகவோ பாதி ஆழத்துக்குக் கோடு போட்டு, ஒவ்வொரு துண்டிலும் முள்கரண்டியால் அடிவரை இரண்டு மூன்று முறை குத்துங்கள். அந்தத் துளைகள் அழகுக்காக மட்டும் இல்லை. வெண்ணெயில் இருந்த 26 கிராம் நீர் ஆவியாகி வெளியேற அவை வழிவிடுகின்றன. இல்லாவிட்டால் நடுவில் கொப்புளம் போல எழும்பும். பிறகு டின்னோடு அரை மணி நேரம் குளிரவிடுங்கள். நம் ஊரில் இந்தப் படியை விட்டுவிட்டால் ஓவன் வெண்ணெயை உருக்கும் வேகம், மாவு இறுகும் வேகத்தை முந்திவிடும்.

ஓடிஜியை 150 டிகிரியில் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிய இருபது நிமிடம் முன்சூடாக்கி, டின்னை நடுத்தட்டில் வைத்து ஏறத்தாழ ஐம்பது நிமிடம் சுட வேண்டும். ஓடிஜியின் குமிழ் காட்டும் சூடு உண்மையான சூட்டிலிருந்து இருபது டிகிரி வரை விலகுவதுண்டு என்பதால், உள்ளே வைக்கும் சிறிய ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. ஷார்ட்பிரெட்டைச் சுடுவது உண்மையில் மெதுவாக உலர்த்துவது. 180 டிகிரியில் வைத்தால் இருபது நிமிடத்தில் மேற்பரப்பு சிவந்துவிடும்; உள்ளே நீர் இருக்கும், மணல் வராது, பச்சை மாவு வாடை அடிக்கும். நாற்பதாவது நிமிடத்தில் தட்டை முன்பின்னாகத் திருப்புங்கள். நடுப்பகுதி வெளிர் வைக்கோல் நிறத்திலும், ஓரம் அதைவிட ஒரு சாயல் மட்டும் பொன்னாகவும் இருக்கும்போது எடுக்க வேண்டும். நிறம் இதற்கு மேல் ஏறினால் வெண்ணெயின் மணம் போய் வறுத்த மாவின் மணம் மேலோங்கும். சூடாக இருக்கும்போது நடுப்பகுதி விரலுக்கு மெத்தென்றுதான் இருக்கும். அதைப் பார்த்து வேகவில்லை என்று பயந்து மீண்டும் உள்ளே வைக்காதீர்கள். கொழுப்பு திரவமாக இருக்கும்வரை அது இறுகாது.

வெளியே எடுத்த ஐந்து நிமிடத்துக்குள், ஏற்கனவே போட்ட கோட்டின் மேலேயே மெல்லிய கத்தியால் அடிவரை வெட்டிவிடுங்கள். ஆறிய பிறகு வெட்டினால் அரிசி மாவு சேர்ந்த ஷார்ட்பிரெட் கோட்டைப் பொருட்படுத்தாமல் தன் விருப்பப்படி உடையும். வெட்டியபின் துண்டுகளைப் பிரிக்காமல் டின்னிலேயே முழுவதும் ஆறவிடுங்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஒன்றரை மணி நேரமாவது ஆகிறது.

சரியாக வந்ததா என்பதை நாக்கைவிட முதலில் கண் சொல்லும். ஆறிய துண்டை இரண்டாக முறித்து, உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி மங்கலாக, உலர்ந்த சுண்ணக்கட்டியை உடைத்தது போலக் குருணை குருணையாகத் தெரிந்தால் நன்றாக வெந்திருக்கிறது. நடுவில் ஈரம் படிந்தது போல, சற்றுக் கருத்துப் பளபளக்கும் ஒரு கோடு ஓடினால், அங்கே நீர் தங்கிவிட்டது. 130 டிகிரியில் மேலும் பதினைந்து நிமிடம் வைத்து உலர்த்தலாம், பெரும்பாலும் சரியாகும். முகம் முழுவதும் அடர்ந்து, துளையே இல்லாமல் பிஸ்கட் போல வழுவழுப்பாக இருந்தால் மாவு பிசையப்பட்டிருக்கிறது, அல்லது ஈரம் கூடியிருக்கிறது. அதைத் திருத்த வழியில்லை, பொடித்து சீஸ்கேக்கின் அடித்தளமாகப் பயன்படுத்துங்கள். துண்டின் அடிப்பக்கம் எண்ணெய் ஊறி ஒளி ஊடுருவுவது போலத் தெரிந்தால் வெண்ணெய் ஓவனுக்குப் போகும் முன்பே உருகியிருக்கிறது. அடுத்த முறை அளவைத் தொடாதீர்கள். குளிரவைக்கும் நேரத்தை மட்டும் கூட்டுங்கள்.

மைதாவே இல்லாமல், அரிசி மாவில் மட்டும் இதைச் செய்ய முடியுமா என்றும் சிலர் கேட்பதுண்டு. இந்த அளவுகளில் முடியாது; கோதுமை ஒவ்வாதவர்களுக்கு வேறு மாவுகளையும் பிடிமானத்துக்கு வேறு பொருளையும் சேர்த்துத் தனியாகத்தான் வகுக்க வேண்டும்.

சுட்ட அன்றே சாப்பிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். இறுக மூடும் டப்பாவில் ஓர் இரவு கழிந்த பிறகுதான் மணல் தெளிவாகத் தெரிகிறது, வெண்ணெயின் மணமும் துண்டு முழுதும் ஒன்றுபோலப் பரவுகிறது. நம் கடற்கரைக் காற்றில் டப்பாவைத் திறந்து வைத்தால் ஒரு பிற்பகலிலேயே துண்டு நமுத்துவிடும். நமுத்தாலும் வீணாக்க வேண்டாம்: 130 டிகிரி ஓவனில் பத்து நிமிடம் வைத்து எடுத்து, முழுவதும் ஆறிய பிறகு மூடுங்கள். சூட்டோடு மூடினால், வெளியேற்றிய நீரெல்லாம் மூடியின் உட்புறத்தில் துளித்து மீண்டும் துண்டின் மேலேயே விழும்.